சொட்டின் ஓரம்

பெரியதாழை வலைகளில் சிக்கிய விஷச்சங்குகளிலிருந்து பெப்டைடு என்னும் சிறு புரதத்துண்டைப் பிரித்தெடுத்த ஆய்வு மாணவியை நான் சந்தேகித்தேன். அவள் காட்டிய, பெப்டைடின் எடையைச் சொல்லும் உச்சம் நிறைமானியில் எனக்குக் கிடைக்கவில்லை. பொய்த் தரவு என்று நினைத்து, ஆய்வேட்டில் கையெழுத்திடாமல் இழுத்தடித்தேன்.

லேசர் ஒளியை வாங்கி பெப்டைடை ஆவியாக்கித் தரும் மேட்ரிக்ஸாக, பழக்கத்தால் டி.எச்.பி.யைத்தான் போடச் சொல்லியிருந்தேன். மாதிரியோடு கலந்து தட்டில் சொட்டாகக் காயவிட்டோம். நான் லேசரால் நடுவில் சுட்டேன். ஒன்றும் வரவில்லை.

"ஓரத்துல சுடுங்க சார், படிகம் அங்கனதான் இருக்கு."

"ஏளா, நடுவுல வராதது ஓரத்துல மட்டும் வருமோ? உன் பெப்டைடு என்ன, ஒளிஞ்சா விளையாடுது?"

அவள் புதுத் தட்டை எடுத்தாள். வேறு மேட்ரிக்ஸான சி.எச்.சி.ஏ.வை அசிட்டோனில் கரைத்துத் தட்டில் வைத்தாள். அது நொடியில் காய்ந்து மெல்லிய, சீரான படலமானது. அதன்மேல் மாதிரியைச் சொட்டிக் காயவிட்டு, அமிலம் கலந்த குளிர்நீரால் உப்பைக் கழுவினாள். கையில் ஏதேனும் மறைக்கிறாளா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இப்ப எங்கன வேணும்னாலும் சுடுங்க சார்."

நடுவிலும் ஓரத்திலும் சுட்டேன். எங்கும் அதே உச்சம்.

அன்றே கையெழுத்திட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. டி.எச்.பி. ஊசிப் படிகங்கள் ஓரத்தில் வளையமாகத் திரண்டிருந்ததைக் கருவியின் கேமரா முதலிலிருந்தே திரையில் காட்டிக்கொண்டிருந்தது. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.