அந்தக் கைகள் அங்கம்மாளுடையவை அல்ல

உத்திரமேரூர் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கும் மக்பூலின் மகள் இர்பானா, கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறையில் உட்கார்ந்து கைபேசியில் சினிமா விமர்சனம் பேசுகிறவள். நடிப்பு, கதை, இயக்கம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசுவாள். பார்க்கலாமா வேண்டாமா என்ற தீர்ப்பைக் கடைசியில் வைப்பாள். அதற்காகவாவது ஜனங்கள் முழுசாகக் கேட்பார்கள் என்று நம்பினாள்.

அன்று அங்கம்மாள் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மானாம்பதிப் பக்கத்து இருளர் குடியிருப்புக்காரி.

"செருப்ப போட்டுக்கினே வாக்கா. இன்னா பழக்கம் இது?"

"பாப்பா, எங்க ஆளுங்க எங்கிட்ட பேச மாட்டேங்கறாங்க. மொதலாளி மவன் கால்ல நான் வுயுந்துட்டேனாம். நான் வுயவே இல்ல."

அங்கம்மாள் நடித்து அப்போது ஓடிக்கொண்டிருந்த படத்தை இர்பானா ஒருமுறை பார்த்திருந்தாள். அரிசி ஆலையில் முன்பணத்துக்காகக் கொத்தடிமையாகக் கிடந்த இருளர்களின் கதை. அங்கம்மாளும் அப்படிக் கிடந்தவள்தான். அவளும் அண்ணன் ரங்கனும் இரவோடு இரவாக வெளியேறி, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, அத்தனை குடும்பத்துக்கும் விடுதலைச் சான்று வாங்கினார்கள். "உங்க கதைதான்" என்று சொல்லித்தான் இயக்குநர் அவளை நடிக்க அழைத்துப் போனார். படத்திலோ கதாநாயகனான முதலாளியின் மகன் மனமிரங்கிக் கதவைத் திறந்துவிடுகிறான். அங்கம்மாள் அவன் காலில் விழுகிறாள்.

"அப்ப அந்த சீன்ல இன்னா செஞ்ச?"

"கொயந்தையோட கொலுசு வுயுந்துட்ச்சு, குனிஞ்சி தேடுன்னாரு. தேடினேன். அங்க காலே இல்ல."

இர்பானா மறுநாள் காஞ்சிபுரம் போய் மறுபடியும் பார்த்தாள். அங்கம்மாளின் கண்கள் தரையில் இங்கும் அங்கும் அலைந்தன. காலைப் பார்க்கிற கண் அப்படி அலையாது. அடுத்த துண்டில் திரை நிறையக் கால்கள், அவற்றைப் பற்றிய இரண்டு கைகள். அங்கம்மாளின் வலது மணிக்கட்டில் பச்சை குத்தியிருக்கும். இந்தக் கை சுத்தமாக இருந்தது. அதற்கடுத்து கதாநாயகனின் கலங்கிய முகம், கூடவே வயலின். மூன்று துண்டையும் ஒட்டி, நடக்காத ஒன்றை நடந்ததாக்கியிருந்தார்கள். முதல் தடவை 'அருமையான இயக்கம்' என்று குறித்து வைத்ததை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அன்றே பேசிப் பதிவு செய்தாள். அங்கம்மாள் நடித்திருப்பது அசல். தொலைத்ததைத் தேடும் தாயின் பதற்றம் அந்த முகத்தில் இருக்கிறது. கதை, அடிமைப்பட்டவர்கள் போராடி வாங்கிய உரிமையை ஆண்டை வீட்டுத் தருமமாக மாற்றும் பொய். இயக்கத்தில் திறமை உண்டு. அந்தத் திறமைதான் பொய்யை நம்பவைக்கிறது, அதனால் குற்றமும் பெரிது. தீர்ப்பு: பார்க்காதீர்கள்.

கேட்டுக்கொண்டிருந்த மக்பூல் சிரித்தார். "நடிப்பு நல்லா கீது, டைரக்டருக்குத் தெறமையும் கீது. மூணுல ரெண்டு பாஸ். அப்புறம் எப்படிம்மா ஃபெயிலு?"

"இது மார்க்கு கூட்டுற வேல இல்ல, அத்தா. நல்ல அரிசி, நல்லா வெந்துகீது, உள்ள வெசம். சாப்புடலாம்னு சொல்லுவியா?"

"எங்கிட்டயே கேள்வியா? போட்டுத் தொல."

போட்டாள். அடுத்த நாளே படக் கம்பெனி அவளுடைய முகத்தையே விளம்பரமாக்கிவிட்டது. "அங்கம்மாள் நடித்திருப்பது அசல்" என்பதை மட்டும் வெட்டியெடுத்து, அந்தக் காலடிக் காட்சியோடு ஒட்டி ஊரெங்கும் அனுப்பினார்கள். கதையும் இயக்கமும் தீர்ப்பும் போன இடம் தெரியவில்லை. பிரித்துப் பேசியதால் பிய்ப்பதும் சுலபமாகிவிட்டது. அதுவும் அவர்கள் வெட்டிய இடம், அவளே மூச்சு வாங்க நிறுத்திய இடம்.

இர்பானா மறுபடி பேசினாள். இம்முறை முதல் வார்த்தையே தீர்ப்பு. "பார்க்காதீர்கள் என்று சொல்லும் இந்தப் படத்தில் அங்கம்மாள் நன்றாக நடித்திருக்கிறார்" என்று புகழையும் தீர்ப்பையும் வெட்ட முடியாதபடி ஒரே வாக்கியத்தில் கோத்தாள். சாட்சிக்கு, அவர்கள் அனுப்பிய விளம்பரத்திலிருந்தே அந்த இரண்டு கைகளையும் எடுத்துக் காட்டினாள். தங்கள் காட்சியை அனுமதியில்லாமல் எடுத்தாள் என்று கம்பெனி புகார் கொடுக்க, சாயங்காலத்துக்குள் அது நீக்கப்பட்டது. அவள் வாக்கியத்தை வெட்டி ஒட்டியது மட்டும் விளம்பரம் என்று நாள்தோறும் ஓடியது. திருட்டு யாருடையது என்று கேட்க அங்கே ஆளில்லை.

கைபேசியில் மிச்சமிருந்த பதிவை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்கே போனாள். ரங்கன் உட்பட எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். பச்சை இல்லாத மணிக்கட்டு வந்ததும் ரங்கன் தங்கையின் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். விடவே இல்லை.

"எங்களுக்குப் புரிஞ்சிட்ச்சு பாப்பா," என்றான். "சினிமா கொட்டாயில பாக்கறவனுக்கு இத யாரு காட்டுவா?"



"யாருமில்ல," என்றாள் அங்கம்மாள். "அவுங்களுக்கு நான் வுயுந்தவதான்."