புளி மூட்டையில் குறைந்த ஒரு கிலோ

எங்கள் மளிகைக் கடையில் குறைவு நோட்டு எழுதுவது நான். மூட்டை வந்த அன்று சாக்கு எடையைக் கழித்து எவ்வளவு, பொட்டலம் போட்டபின் எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்று மூன்றே கட்டம். ஏன் குறைந்தது என்று எழுத அதில் இடமே இல்லை. அந்தப் பங்குனி வரை எனக்கு அது உறைக்கவும் இல்லை.

மாசியில் வந்த இருபத்தைந்து கிலோ புதுப்புளியை ஒரு மாதம் கழித்துத்தான் பிரித்தோம். ஓரிக்கையிலிருந்து பொட்டலம் போட வரும் பெண் கட்டி முடித்தாள். அரைக் கிலோ பொட்டலம் ஐம்பது வர வேண்டும், நாற்பத்தெட்டுதான் வந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் அவள் கிளம்பும்போது அவளுடைய பையை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அவள் முகம் சுருங்கிப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய துப்பறிகிறவர் என்று இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து நன்றாகவே பரிமாறினேன்.

அடுத்து வந்த புளி மூட்டையை, அதுவும் இருபத்தைந்து கிலோதான், நானே எடை போட்டு, வாயைப் பிரிக்காமல் அதே இடத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டியதும் அவரே அதைத் தராசில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சித்திரை வெயில் கொளுத்தியது. முதல் வாரமே எடை இறங்கியது. தராசைச் சந்தேகப்பட்டு எடைக்கல்லை வைத்துப் பார்த்தார், தராசு சரியாகவே இருந்தது. நாலாவது வெள்ளி, யார் கையும் படாத மூட்டையில் அறுநூறு கிராம் இல்லை.

பிறகு மூவரும் உட்கார்ந்து அதைப் பொட்டலம் போட்டோம். யாரும் குறை சொல்லக் கூடாதென்று அவள் ஒவ்வொன்றிலும் நாலு கிராம் கூடப் போடுவது அப்போதுதான் தெரிந்தது. அது ஒரு இருநூறு கிராம். விரிப்பில் சிந்திய தூளும் நாரும் கொட்டையும் சாக்கில் ஒட்டியதும் இன்னொரு இருநூறு. மறுபடியும் நாற்பத்தெட்டே பொட்டலம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. காய்ந்தது, கூடப் போட்டது, சிந்தியது என்று நோட்டில் புதிதாய் மூன்று கட்டம் போட்டேன். மழைக்காலத்தில் கல்லுப்பு ஈரம் குடித்து எடை ஏறுமே, அதற்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று என் வீட்டுக்காரரே சொன்னார். சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நான்தான்மா தப்பா நெனச்சிட்டேன். மனசுல வெச்சிக்காத."

அவள் கையிலிருந்த புளியைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நாளைக்கு லீவு எடுத்துக்கட்டுமாண்ணா? கருட சேவை பாக்கணும். ஒரு மாசமா லீவே போடாம, ஜுரம் வந்தப்பகூட வந்துக்கினு இருக்கறேன். வரலன்னா, புளிய எடுத்தவ பயந்துக்கினு வேலய விட்டு நின்னுட்டான்னு நெனச்சிடுவீங்கன்னுதான்."