முகப்புப் படத்தில் ஒரு புள்ளி

அந்தப் படத்தில் எனக்கு இருந்த கவலையெல்லாம் தலைகளைப் பற்றித்தான். முற்றத்தில் ஒரு நீள மேசை, மேசை நிறையப் பலகாரத் தட்டுகள், நடுவில் நிறைகுடம், அதற்கு இரு பக்கமும் குத்துவிளக்கு, பின்னால் வரிசையாக ஏழு பெண்கள். சாவகச்சேரியில் இருந்து வந்த படப்பிடிப்பாளர் எல்லாவற்றையும் அகலமாக ஒரே படத்தில் அடக்கியிருந்தார். கோப்பாயில் கலியாணப் பலகாரம் செய்து விற்கிற ஒரு அன்ரிக்கு நான் செய்துகொண்டிருந்த இணையத்தளத்தின் முகப்புப் படம் அதுதான். ஏழு பேரும் ஒரே நாளில் நல்ல சேலை உடுத்து வந்து நின்றதே பெரிய காரியம், இன்னொரு தரம் கேட்கக்கூடாது என்று அன்ரி முதலிலேயே சொல்லிவிட்டார்.

கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் வேலைத்தலம். நான் பொறுமைசாலி இல்லை. தேத்தண்ணி ஆறமுதல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். ஒரு வேலை முடிந்ததுபோலத் தெரிந்தால் எனக்கு அது முடிந்துதான் விட்டது.

முகப்புப் படத்துக்கு விட்டிருக்கும் இடம் கணினியில் கிடையாக நீண்ட ஒரு பெட்டி. ஃபோனில் அதே இடம் நெடிய பெட்டி. படமோ ஒன்று. பெட்டி முழுவதும் நிரம்ப வேண்டுமென்றால் எங்கேயாவது வெட்டுப்படத்தான் செய்யும். எது போனாலும் இது போகக்கூடாது என்று படத்தின்மேல் ஒரு புள்ளி வைத்துச் சொல்லலாம். குவியப் புள்ளி என்பது அதைத்தான். நான் பாவிக்கிற மென்பொருளில் ஒரு படத்துக்கு ஒரு புள்ளிதான் வைக்கலாம். இடமிருந்து எத்தனை வீதம், மேலிருந்து எத்தனை வீதம் என்று அதை இரண்டு எண்களாக அது எழுதி வைத்துக்கொள்ளும்.

கணினியில் மேலும் கீழும்தான் வெட்டுப்பட்டது. முதலில் பெண்களின் நெற்றிகள் போயின. புள்ளியை மேலே ஏற்றினேன், தலைகள் வந்தன, பலகாரத் தட்டுகள் போயின. ஒரு பகல் முழுவதும் அந்த இரண்டாவது எண்ணோடு மல்லுக்கட்டி, கடைசியில் தலையும் தட்டும் ஒன்றாக நிற்கிற இடத்தைப் பிடித்துவிட்டேன். முதலாவது எண்ணை நான் யோசிக்கவே இல்லை. மாற்றிப் பார்த்தாலும் கணினியில் படம் அசையாது. இடம் வலமாக முழுப்படமும் தெரிகிற பெட்டியில் அந்த எண்ணுக்கு வேலையில்லை. நடுவில் நிறைகுடம் இருக்கிறது, ஐம்பது வீதம், புள்ளி அதிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நிறைகுடத்தை விட்டுவிட்டு வேறெங்கே வைப்பது? எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அங்கேதான் வைப்பார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் அன்ரியின் மகள் கோல் எடுத்தாள். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கெல்லாம் இணைப்பை அனுப்புகிற பொறுப்பு அவளுடையது. மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம், அதற்கு முன் அனுப்பிவிட வேண்டும் என்பது அன்ரியின் கட்டளை.

"அக்கா, ஃபோனிலை பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான். வடிவா இருக்கெல்லே?"

"அம்மா எங்கை?"

ஃபோனை எடுத்துப் பார்த்தேன். நிறைகுடம் இருந்தது. இரண்டு விளக்கும் இருந்தன. அரியதரம், பயற்றம் பணியாரம், முறுக்கு எல்லாம் இருந்தன. பின்னால் மூன்று பெண்கள் இருந்தார்கள். அன்ரி இல்லை. கடை அவருடையது, கைப்பக்குவம் அவருடையது, படத்துக்குக் காசு கொடுத்தவரும் அவர். நான் அதே பக்கத்தை ஃபோனில் நாலைந்து தரம் பார்த்திருப்பேன். அவர் இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.

முழுப்படத்தைத் திறந்தேன். வலது ஓரத்தில், குசினி வாசலோடு ஒட்டிக்கொண்டு, கையில் எண்ணெய்க் கரண்டியோடு நின்றார். படப்பிடிப்பாளர் அவரை நடுவுக்கு வரச்சொல்லிக் கேட்டதும், அவர் "நீங்கள் எடுங்கோ தம்பி" என்று கரண்டியை ஆட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் பக்கத்தில் நின்று ஒளியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். அன்ரி கணவரை இழந்து பன்னிரண்டு வருஷம். அந்த வீட்டில் பலகாரம் சுடத் தொடங்கும்போது முதல் பணியாரத்தை எண்ணெயில் போடுவது எப்போதும் வேலைக்கு வருகிற சுமங்கலிகளில் ஒருத்திதான். இரண்டாவதிலிருந்து அன்ரி போடுவார். நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு இரண்டாவதை வாங்கிச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

புள்ளியைத் தூக்கி அவர் முகத்தில் வைத்தேன். எண்பத்தெட்டு வீதம். ஃபோனில் அன்ரி வந்தார். ஆனால் இடது ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு நெடுக்காகப் பாதி பிளந்து நின்றது. பாதி விளக்கோடு கலியாணப் பலகாரத்துக்கு விளம்பரம்! ஒருவரும் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஓடர் மட்டும் வராது. எண்பத்துநாலு என்று குறைத்தேன். விளக்கு முழுசாக வந்தது, அன்ரியின் கன்னம் போயிற்று. எண்பத்தைந்து. எண்பத்தாறு. ரயில் போய் யன்னல் அதிர்ந்தது, நான் இருந்த கதிரை எனக்கு முள்ளாகக் குத்தியது. எழும்பி நடந்தேன், வந்து இருந்தேன், திரும்ப எழும்பினேன். அந்த நெடிய பெட்டியில் படத்தின் அகலத்தில் மூன்றிலொரு பங்கும் கொஞ்சமும்தான் தெரியும். புள்ளி ஒரு இடத்தைக் காப்பாற்றும். இரண்டு இடங்களை அது காப்பாற்றாது.

காலையில் பல்லுத் தீட்டும்போது வழி தெரிந்தது. பெட்டி நெடியதாக இருப்பதால்தானே இவ்வளவு பாடும்? படத்தின்மேல் கிடந்த தலைப்பையும் ஓடர் பொத்தானையும் படத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, ஃபோனில் பெட்டியைச் சதுரமாக்கினேன். உயரம் குறைந்தது, அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே வந்தது. நிறைகுடம், இரண்டு விளக்கு, அன்ரி, எல்லாம் முழுசாக. எனக்குப் பெரிய சந்தோஷம். லப்டொப்போடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோப்பாய்க்குப் பறந்தேன்.

அன்ரி குசினியில் பயற்றம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மகள் ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நேற்றையான் நல்லா இருந்தது, பிள்ளை. அதையே போடும்."

"அன்ரி, நேற்றையானிலை நீங்கள் இல்லையே!"

"அதுதான் சொல்லுறன்."

"லப்டொப்பிலை பாக்கிற ஆக்களுக்குத்தான் நீங்கள் தெரிவியள். ஆர் இப்ப லப்டொப்பிலை பாக்கினம்? எல்லாரும் ஃபோன்தான்."

"அதுதானே பயம்," என்றார் அன்ரி. உருண்டையைத் தட்டில் வைத்தார். "கனடாவிலை ஒருத்தி மகளுக்குக் கலியாணம் எண்டு ஃபோனைத் திறக்கிறாள். திறந்த உடனை நான் நிக்கிறன். அவள் ஒண்டும் நினைக்காட்டிலும் அவளின்ரை மாமி நினைப்பாள். எனக்குக் கீழை ஆறு குடும்பம் இருக்கு, பிள்ளை. உம்மடை படத்துக்காண்டி நான் அடுப்பை அணைக்கேலாது."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, உங்கடை கடை அம்மா," என்றாள். எனக்கோ கோபம் உச்சிக்கு ஏறியது. மணி ஒன்பதே முக்கால். இந்தக் காலத்திலுமா, படிச்ச சனம் அப்படி நினைக்காது, நினைக்கிறவை வேறை இடத்திலை வாங்கட்டும் என்று மேடையில் நிற்பவள்போலப் பொழிந்து தள்ளினேன். நான் மூச்செடுக்க நிறுத்தியபோது அன்ரி கேட்டார்.

"உம்மடை கலியாணத்திலை அம்மா எங்கை நிண்டவ?"

என் அப்பா காலமானது என் கலியாணத்துக்கு இரண்டு வருஷம் முன். தாரை வார்த்துக் கொடுத்தது மாமாவும் மாமியும். அன்ரிக்கு அதெல்லாம் தெரியும், கலியாணத்துக்கு வந்தவர்தான்.

"தூணோடை," என்றேன்.

"அல்பத்திலை இருக்கிறாவோ?"

"மணவறைப் படம் ஒண்டிலையும் இல்லை. சாப்பாட்டுப் பந்திப் படத்திலை இருக்கிறா."

"முன்னுக்கு வாங்கோ எண்டு நீர் கேட்டனீரோ?"

"இல்லை, அன்ரி."

"பேந்து ஏன் என்னோடை வந்து சண்டை பிடிக்கிறீர்?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. கேட்காமல் விட்டதுகூட யோசித்து விட்டதில்லை. அம்மா தூணோடு நிற்கிறா என்பது, மேளம் மேளக்காரர் பக்கம் இருக்கிறது என்பதுபோல, எனக்கு உறுத்தவே இல்லை. நிறைகுடத்தில் புள்ளியை வைத்ததும் அதே கைதான்.

"வெக்கமா இருக்கு, அன்ரி," என்றேன்.

அன்ரி பைப்படியில் கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, லப்டொப்புக்கு முன்னால் வந்து இருந்தார்.

"எதிலை அமத்தவேணும்?"

புள்ளியைக் காட்டினேன். நான் சதுரத்தைக் காட்ட வரும்போது அது அவர் முகத்தில்தான் இருந்தது. அவர் மௌசைப் பிடித்து அதை நிறைகுடத்துக்குக் கொண்டுபோனார். ஃபோனில் எப்படித் தெரியும் என்று பக்கத்தில் காட்டுகிற பெட்டியில் அவர் மறைவதைத் தானே பார்த்தார். பிறகு புள்ளியை மெல்ல வலப்பக்கம் இழுத்தார். தோள் வந்தது, கன்னம் வந்தது, முகம் முழுசாக வந்தது.

"இன்னும் நடுவுக்கு வராதோ?"

"வராது, அன்ரி. உங்களுக்கு அங்காலை படம் இல்லை. நீங்கள் நிண்டதே கரையிலை."

"ஓம், நிண்டது நான்தானே." மௌசை விட்டார். "இருக்கட்டும். ஓடர் குறைஞ்சால் உம்மட்டை வாறன்."

பத்தேகாலுக்கு மகள் இணைப்பை அனுப்பினாள். எனக்கு நிம்மதி வரவில்லை. கொக்குவிலுக்குத் திரும்பும் வழியில் இரண்டு தரம் ஸ்கூட்டியை நிறுத்தி, அன்ரி தெரிகிறாரா என்று ஃபோனில் பார்த்தேன். ஓடர் குறைந்தால் என்ன செய்வேன் என்று ஒரு யோசனையும் என்னிடம் இல்லை.

வீட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இணைப்பு அதற்குள் எங்கள் சொந்தக்காரர் வழியாக அவருடைய ஃபோனுக்கும் வந்திருந்தது. என்னைக் கண்டதும் நீட்டினார்.

"உவ பலகாரக்கார மனிசியெல்லே? புருசன் மோசம் போனவ."

"ஓம். அவவின்ரை கடைதானே அம்மா."

"முன்னுக்கு விட்டிருக்கிறியள்."

அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினார். விளக்கும் குடமும் ஒதுங்கிப் போக, அன்ரியின் முகத்தைக் கனநேரம் பார்த்தார்.

"அப்ப, உப்பிடி முன்னுக்கு விடலாமோ?" என்று கேட்டார்.

விடலாம் அம்மா என்றேன். என் கலியாணம் முடிந்து அப்போது ஒன்பது வருஷம்.