பால்பண்ணைக் குறிப்பில் நான் சேர்த்த ஏழாவது வரி

வேங்கிக்காலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி அங்கே வந்தார்கள். எட்டு மாடு வைத்திருந்தார்கள். அவள் கறப்பாள், அவர் பைக்கில் கேன் கட்டிக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் வீடுகளுக்கும் சின்னச் சின்ன கஃபேக்களுக்கும் ஊற்றுவார். செங்கம் ரோட்டில் வாடகை வீட்டில் இருந்த, சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அவர்களிடம் இரண்டு வருடமாகப் பால் வாங்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஆறு மாடு வாங்கவும் கொட்டகையை நீட்டவும் ஆறு லட்சம் போடுவதாகவும் லாபத்தில் கால் பங்கு தந்தால் போதும் என்றும் அவர் சொல்லியிருந்தார். ஐந்து வருடக் கணக்கு ஒன்று வேண்டும், கூடவே ஒரு குறிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார். எதையெல்லாம் நம்பி இந்தக் கணக்கைப் போட்டீர்கள், இந்தக் கணக்கால் எதைச் சொல்ல முடியாது என்று அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும்.

கணவர் ஒரு நோட்டில் தானே கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பதினாலு மாடு, மாட்டுக்குப் பன்னிரண்டு லிட்டர், வருடம் முழுக்க.

"பதினாலும் எப்பவும் கறக்குமாங்க?" என்று கேட்டேன்.

"சினையா இருக்கறப்போ ரெண்டு மூணு மாசம் கறக்காது. அதெல்லாம் எழுதணுமா மேடம்? பார்த்துட்டுப் பயந்துடப் போறாரு."

எழுத வேண்டும் என்றேன். அந்த வாரமே அவர்கள் கொட்டகைக்குப் போனேன். அவர் பால் ஊற்றப் போயிருந்தார். அவள் கறந்துகொண்டே பதில் சொன்னாள். கன்று போட்ட புதிதில் பன்னிரண்டு லிட்டர், அப்புறம் குறைந்துகொண்டே போகும், சராசரி ஒன்பது. பதினாலு மாடு இருந்தால் எந்த நாளிலும் பத்துதான் கறவையில் இருக்கும். வெயில் காலத்தில் ஆசிரமத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கிளம்பிவிட்டால் வீட்டு ஊற்றல் பாதியாகும். மிச்சம் பால் சொசைட்டிக்குப் போகும், அங்கே கொழுப்பு பார்த்துத்தான் விலை, அதுவும் கம்மி. கணவரைவிட அவளுக்குத் தொழில் நன்றாகத் தெரிந்திருந்தது.

"பத்து மாட்டையும் நீயே கறந்துடுவியா?"

அவள் கை நின்றது. "கறந்துடுவேன்க்கா. ஒரு ஆறு மாசம் ஓட்டிடுவேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரத்தப்போக்கு ஜாஸ்தியா இருக்கு. கர்ப்பப்பையில கட்டியாம், எடுத்தாகணும்னாங்க. எடுத்தா மூணு மாசம் வெயிட்டு தூக்கக் கூடாதாம். அவருக்கு இன்னும் சொல்லல. பணம் வந்து மாடெல்லாம் செட்டாகட்டும், சொல்லிக்கலாம்னு இருக்கேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

குறிப்பு ஒன்றரைப் பக்கம் வந்தது. கறவை விகிதம், சராசரிப் பால், தீவன விலை ஐந்து வருடமும் ஒரே மாதிரி இருக்கும் என்று வைத்தது, வெயில் கால விற்பனைக் குறைவு, காளைக் கன்றுக்கு வருமானம் பூஜ்யம், கோமாரி மாதிரி நோய் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. இதுவரை ஆறு. மாதம் பத்தொன்பதாயிரம் மிஞ்சும் என்று வந்தது.

ஏழாவதாக இதை எழுதினேன்: கறவை வேலை முழுவதும் உரிமையாளரின் மனைவி செய்வது, அதற்குக் கூலி சேர்க்கப்படவில்லை. வெளியாள் வைத்தால் மாதம் பதினாறாயிரம் ஆகும், மிஞ்சுவது மூவாயிரம். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அளவுக்கு நேர்மை போதும், அந்த வேலைக்கு அவ்வளவுதான் தேவை. ஆனால் அதிலேயே இன்னொரு வரி சேர்த்தேன். "மனைவிக்கு ஆறு மாதத்தில் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கணக்கில் அதற்கு இடமில்லை." முதலீட்டாளரின் பணத்தைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில், குறிப்பு எழுதிய இந்தப் பெண் எதையும் விடமாட்டாள் என்று அந்தப் பெரிய மனிதர் நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆடிட்டர் படித்துவிட்டு "பிரமாதம்" என்றார். அனுப்பிவிட்டோம்.

செங்கம் ரோட்டு வீட்டில் உட்கார்ந்தோம். குறிப்பு இங்கிலீஷில் இருந்ததால் முதலீட்டாளரே ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். நிதானமாக, மரியாதையாக, எங்கும் குரல் உயராமல். ஏழாவதுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ உங்க லாபம்னு ஒண்ணுமே இல்லீங்க. இந்த அம்மாவுக்குக் குடுக்காத கூலியைத்தான் லாபம்னு சொல்றீங்க."

கணவர் சிரித்தார். "வீட்டு வேலைக்கு யாருங்க கூலி குடுப்பாங்க?"

"சரி. இவங்களுக்கு ஆபரேஷன்னு போட்டிருக்கே, எப்போ?"

கணவருக்குப் புரியவில்லை. "யாருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் குறிப்பைப் பார்த்தேன்.

"சொல்லும்மா," என்றார் முதலீட்டாளர். "எனக்குத் தெரிஞ்சாகணும். கர்ப்பப்பையா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். கணவர் எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஆடிட்டர் ஆபீஸ்ல சொல்லத் தெரியுது, என்கிட்ட சொல்லத் தெரியலையா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். முதலீட்டாளர் காபி கொண்டுவரச் சொன்னார். காபி வருவதற்குள் புதிய கணக்குச் சொல்லிவிட்டார். அதே ஆறு லட்சம், ஆனால் நூற்றுக்கு நாற்பது பங்கு. கறக்க வெளியாள் வைத்தால் முதல் வருடம் அந்தக் கூலி கணவரின் பங்கில் மட்டும் கழியும். "ரிஸ்க் உங்க வீட்டுல இருக்கு. அதுக்கு நான் எப்படி காசு குடுக்கறது?" என்றார். நியாயம்போலவே இருந்தது. ஆறு மாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்த கணவர் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தை டைப் செய்தது நான்தான்.

கூலி தன் பங்கில் போகும் என்பதால் ஆபரேஷனைக் கணவர் தள்ளிக்கொண்டே வந்தார். "உனக்கு முன்னாடியே தெரியும்ல, அப்பவே பண்ணியிருக்கணும்" என்பாராம். சித்திரையில் ஒரு காலை அவள் கேனைத் தூக்கும்போது கொட்டகையிலேயே விழுந்தாள். அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றி, அவசரமாகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

வெளியாள் வந்தான். புதுக் கைக்கு மாடுகள் சரியாகப் பால் விடவில்லை. அவனும் முழுக்கக் கறக்காமல் விட்டான். இரண்டு மாட்டுக்கு மடிநோய் வந்தது. அந்த இரண்டின் பாலையும் கீழே ஊற்ற வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் முதலீட்டாளர், நஷ்டமானால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று பத்திரத்தில் இருந்த வரியைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். மாடுகளைச் சந்தையில் விற்றுத்தான் கொடுத்தார்கள். எங்கள் ஆடிட்டருக்கு அவர் ஒரு மெயில் போட்டார். அந்தக் குறிப்பை எழுதிய பெண்ணைப் பாராட்டியிருந்தார், எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது என்று. அந்த வருடம் எனக்குச் சம்பளம் கூட்டினார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் அறை துடைக்கிறாளாம். மெலிந்திருந்தாள். உடம்பு எப்படி என்று கேட்டேன்.

"பரவாயில்லக்கா. இங்க மாசம் பொறந்தா கையில சம்பளம் குடுக்கறாங்க."

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நீங்க எழுதினது பொய் இல்லையே. ஆனா என் புருஷன்கிட்டகூட சொல்லாததை உங்ககிட்ட சொன்னேன். அதை எப்படிக்கா அந்த ஆளு வாயால அவரு கேட்கற மாதிரி பண்ணீங்க?"

கீழ்பென்னாத்தூர் பஸ் வந்தது. அவள் கூட்டத்தோடு ஏறி, எனக்கு மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.