ஒருவகையக்கா

“உப்புக் கூடிப்போச்செண்டு சொல்லாதை பிள்ளை. எதுக்குக் கூடினதெண்டு சொல்லு. கஞ்சிக்கோ, குழம்புக்கோ?”

கொடிகாமம் சந்தையில் வியாழக்கிழமை தோறும் கருவாட்டு ஓலைக்கடகங்களுக்குப் பின்னால் குந்தியிருந்து இப்படி வழக்காடுகிறவர் கனகாம்பிகை. வயது ஐம்பத்திரண்டு. பருத்தித்துறைக்கு மேற்கே ஒரு கரையோரக் குறிச்சி. கட்டா, பாரை, சூடை என்று மூன்று கடகம் வைத்திருப்பார். கருவாடு வாங்க வந்தவள் விலை பேசிய நேரத்தைவிட, தான் சொன்னதற்கு விளக்கம் சொன்ன நேரம் கூடுதலாக இருக்கும். ஆனாலும் அடுத்த வியாழன் அவரிடமே வருவாள்.

ஊரில் அவருக்குப் பெயர் ஒருவகையக்கா. யாராவது யாரையாவது கள்ளன், பொய்யன் என்றால் அவர் கையிலிருக்கும் வேலையை நிறுத்துவார். “எந்தப் பொருளிலை? எந்த இடத்திலை? எந்த நேரத்திலை? எந்த நிலையிலை? நாலையும் சொல்லிப்போட்டு, ஒருவகையாலை கள்ளன் எண்டு சொல்லு. கேக்கிறன்.” திட்ட வந்தவருக்கு அதற்குள் பாதி ஆத்திரம் போய்விடும். மீதிப் பாதி அக்காவின் மேல் திரும்பும்.

இந்தப் பழக்கம் நாகபட்டினத்தில் ஒட்டியது. அவருடைய தகப்பன் மீன்பிடியோடு பாய்க்கப்பலில் அக்கரைக்கும் போய்வந்தவர். அக்கா சிறுமியாயிருந்த யுத்த காலத்தில் கடல் அடைபட, தகப்பனும் மகளும் இரண்டு வருடம் அங்கே ஓர் அரிசி வியாபாரியின் பின்வீட்டில் இருந்தார்கள். அது சமணக் குடும்பம். வீட்டுக்காரி ஸ்ரீமதி அம்மாள் பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டு முடித்து, வாயை மூடாமல் தத்துவம் பேசுகிறவர். ஒரு மண்குடத்தைக் காட்டித்தான் பாடம் தொடங்கினாராம். இந்தக் குடம் மண்ணால் உண்டு, செம்பால் இல்லை. நாகபட்டினத்தில் உண்டு, உங்கள் ஊரில் இல்லை. இன்றைக்கு உண்டு, சூளைக்குப் போகுமுன் இல்லை. குடமாக உண்டு, ஓடாக இல்லை. ஆகவே ஒருவகையால் உண்டு, ஒருவகையால் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் உண்டும் இல்லையும், இரண்டையும் ஒரே மூச்சில் ஒரே சொல்லால் சொல் என்றால் சொல்ல முடியாது. அந்தச் சொல்லமுடியாமையை முதல் மூன்றோடும் தனித்தனியே சேர்த்தால் ஏழு. உலகத்தில் எதைப் பற்றிப் பேசினாலும் இந்த ஏழு வாசல்தான்.

“அப்ப எல்லாம் சந்தேகமோ?” என்று சிறுமி கனகாம்பிகை கேட்டிருக்கிறாள்.

சந்தேகமே இல்லை என்றாராம் அம்மாள். நின்ற இடத்தைச் சொல்லிவிட்டால் சொன்னது உறுதி. தன் பக்கத்தைச் சொல்வதும் குற்றமில்லை. மற்றப் பக்கமே கிடையாது என்று மறுப்பதுதான் குற்றம். “உன் அப்பா மீன் பிடிக்கிறவர். அது கொலைதான், நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கொலைகாரர் மட்டுமே என்று நான் சொன்னால், அன்றைக்கு நான் பொய் சொன்னவளாவேன்.”

மீன் தின்கிற வீட்டுப் பெண் அதைக் கேட்டுவிட்டு அன்றிரவும் மீன்தான் தின்றாள். ஆனால் பேச்சை மறக்கவில்லை.

இவ்வளவு சொன்னபிறகு, அக்கா தவறிய கதையையும் சொல்லத்தான் வேண்டும். போன கார்த்திகையில் வாடைக்காற்று மூர்க்கமாக அடித்த ஒரு காலை. அவருடைய தம்பி தம்பிஐயா கட்டுமரத்தில் தனியே போனவர், முருகைக்கல் பாறையில் அடிபட்டுக் கால் நொறுங்கி, மத்தியானம் ஆட்கள் போய்த் தூக்கும்வரை மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவருக்கு அருகால் கூட்டுறவுச் சங்கத்து எஞ்சின் வள்ளத்தில் அதே ஊர் முருகேசு போனார், நிற்கவில்லை. மறுநாள் சங்கக் கூட்டத்தில் நிருவாகசபை உறுப்பினரான அக்கா எழும்பினார். நாலு கேள்வியும் இல்லை, ஒருவகையும் இல்லை. “முருகேசு கொலைகாரன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊர் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. முருகேசுவைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும், வள்ளத்தைப் பறிக்க வேண்டும் என்று பொதுக்கூட்டத்துக்கு நாள் வைத்தார்கள். வள்ளம் போனால் அந்த வீட்டில் அடுப்பெரியாது.

எட்டு நாள் ஆசுபத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்த அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியின் காலை நினைத்துத்தான் என்று எல்லாரும் எண்ணினார்கள். ஒன்பதாம் நாள் காலை அவர் முருகேசுவின் படலையைத் திறந்தார். மனைவி மீனாம்பிகை வாசலில் குறுக்கே நின்றாள்.

“இன்னும் என்ன சொல்ல இருக்கு உங்களுக்கு?”

“சொல்ல வரேல்லை பிள்ளை. கேக்க வந்தனான்.”

முருகேசு நிலத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். எஞ்சின் நின்றுவிட்டது. வள்ளத்தில் முழங்கால் தண்ணீர். இரண்டு பேர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று கரைக்குத் தள்ளியது. திருப்பியிருந்தால் மூன்று பேரும் போயிருப்பார்கள்.

“தம்பி கையை ஆட்டினதைக் கண்டனியோ?”

“கண்டனான் அக்கா. கரைக்கு வந்தும் அரை மணித்தியாலம் நான் வாய் திறக்கேல்லை. விட்டிட்டு வந்தவன் எண்டு சொல்லுவினமெண்ட பயம். பிறகுதான் சொன்னனான்.”

அந்த அரை மணித்தியாலமும் தம்பி கடலில் கிடந்ததை அக்கா எண்ணிப் பார்த்தார். திட்டாமல் எழும்பி வீட்டுக்கு வந்தார்.

பொதுக்கூட்டம் ஞாயிறு பின்னேரம். தம்பிஐயாவை ஒரு கதிரையில் தூக்கிவந்து முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். காலில் கட்டு. பக்கத்தில் அக்கா. தலைவர் கனகரத்தினம் நேராகவே கேட்டார்: “அக்கா, ஓம் அல்லது இல்லை. விட்டிட்டு வந்தவனோ, இல்லையோ?”

அக்கா எழும்பினார். “பத்து நாளைக்கு முந்தி நான் முருகேசுவைக் கொலைகாரன் எண்டு சொன்னன். எங்கை நிண்டு சொல்லுறன் எண்டதைச் சொல்லேல்லை. மனசாலை என்ரை தம்பியின்ரை கட்டிலடியிலை நிண்டு சொன்னன். அங்கை நிண்டால் அது மட்டும்தான் தெரியும். பிழை என்ரை.”

சபை சலசலத்தது.

“எஞ்சின் நிண்ட வள்ளத்திலை, அந்தக் காத்திலை, மூண்டு உயிரோடை அவன் விடேல்லை, திரும்ப ஏலாமல் வந்தவன். கரையிலை, கால் நிலத்திலை முட்டினபிறகு, அந்த அரை மணித்தியாலம் விட்டவன். ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாச் சொன்னால் விட்டவனும் விடாதவனும். ரெண்டையும் சேத்து ஒரு சொல்லாலை கேட்டால், தலைவர், என்னட்டை அந்தச் சொல் இல்லை.”

“அப்ப நாங்கள் ஒரு முடிவும் எடுக்கேலாதோ?” என்றார் கனகரத்தினம் எரிச்சலாக.

“எடுக்கத்தான் வேணும். அந்த அரை மணித்தியாலத்துக்குத் தண்டனை குடுங்கோ. கடலுக்கும் சேத்துக் குடாதேங்கோ.”

தம்பிஐயா தமக்கையைத் திரும்பிப் பார்த்தார். “நீ ஆரின்ரை பக்கம் அக்கா?”

அதற்குள் தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். நீக்க வேண்டும் என்பவர்கள் கை உயர்த்தினார்கள். தம்பிஐயாவின் கைதான் முதலில் எழுந்தது. பிறகு, வேண்டாம் என்பவர்கள். அக்கா வலக்கையை உயர்த்தினார். பின்னால் இன்னும் சிலர் உயர்த்தினார்கள். எத்தனை என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பிஐயாவுக்கு அங்கே இருக்க மனம் வரவில்லை. ஒற்றைக் காலில் எழும்பப் பார்த்தார், கதிரை சரிந்தது. செயலாளர் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. அக்கா உயர்த்திய கையை இறக்காமல் இடக்கையைத் தம்பிக்கு நீட்டினார். அவர் அதைத் தட்டிவிட்டார். கை அங்கேயே நின்றது. இரண்டாம் தரம் சரிந்தபோது தம்பி அதைப் பிடித்துக்கொண்டார்.