பெடலுக்கு ரெண்டு அங்குலம்

மலர்க்கொடியைப் பத்திச் சொல்லணும்னா என்னைத் திட்டிக்கினுதான் ஆரம்பிக்கணும். திட்டிக்கிறேன், இன்னா இப்போ? எனக்கு அதான் லாயக்கு.

நான் தாயம்மா. புள்ளைங்க ஆஸ்பத்திரில வார்டு ஆயா. வியாசர்பாடி ஹவுசிங்போர்டுல என் வூட்டுக்கு எதிர் வூடு சொக்கம்மாளோடது. அவ காசிமேட்டுல எறா உரிக்கிற ஷெட்டுக்குப் போவா. புருசன் கோதண்டம் ஹார்பர்ல மூட்டை தூக்குறவன். ஒரே பொண்ணு மலர்க்கொடி. எழுபத்திரெண்டுல அவளுக்குப் பதினாலு வயசு, பாத்தா எட்டு வயசுதான் சொல்லுவே. பஸ்ல கண்டக்டர் அரை டிக்கெட் கிழிச்சா, "முழுசா குடுங்கண்ணே, எனக்குப் பதினாலு ஆவுது"ன்னு ரோஷமா சொல்லுவா. பஸ்ஸே திரும்பிப் பாக்கும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை, தையல்காரி ஆவணும். புளியந்தோப்புல ரஹீமுன்னிசா வூட்டுல மிஷின் கத்துக்கப் போனா. வெட்டுறது, காஜா எடுக்கிறது எல்லாம் ரெண்டு மாசத்துல புடிச்சிக்கினா. ஆனா ஸ்டூல்ல உக்காந்தா கால் பெடலுக்கு எட்டாது, ரெண்டு அங்குலம் அந்தரத்துல தொங்கும். ஸ்டூலை எறக்குனா கை ஊசிக்கு எட்டாது. "வளந்துருவே கண்ணு"ன்னு ரஹீமுன்னிசா தட்டிக்குடுக்கும்.

அவளுக்கு கிட்னில கோளாறு. கைக்கொழந்தையா இருக்கச்சே மூத்திரத்துல அடிக்கடி சீழ் புடிச்சி காய்ச்சல் வரும், யாரும் சரியா பாக்கல. அதுல ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு. எவனோ ஒரு வைத்தியன் மீன் வாணாம், பருப்பு வாணாம், உப்பு வாணாம்னு சொல்லிட்டான். சொக்கம்மா அதை அப்படியே புடிச்சிக்கினு ரெண்டு வருசம் வெறும் கஞ்சித் தண்ணிதான் ஊத்துனா. எறா ஷெட்டுல வேலை செய்றவ வூட்டுல புள்ளை மீன் வாசனைக்கே ஏங்கிக் கெடந்துது. வயித்தெரிச்சல் தாங்காம நான்தான் எங்க டாக்டரம்மாகிட்ட இட்டுகினு போனேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்து, மணிக்கட்டை எக்ஸ்ரே புடிச்சிப் பாத்தாங்க. "புள்ளையைப் பட்டினி போட்டே வளர வுடாம பண்ணிட்டியேம்மா"ன்னு சொக்கம்மாளைத் திட்டுனாங்க. தெனம் ஒரு முட்டை, ஒரு சின்ன துண்டு மீன், அதுக்கு மேல வாணாம். ஆனா வயிறு நெறைய சோறு, எண்ணெய், சர்க்கரை, ஜவ்வரிசி. கருவாடு கூடவே கூடாது. ரத்தத்துல புளிப்பு ஏறினா எலும்பு வளராதாம், அதுக்கு சோடா உப்பு மாத்திரை. எலும்பு மெத்துனு ஆவாம இருக்க வைட்டமின் மருந்து.

அப்புறம் படத்தை வெளிச்சத்துல புடிச்சிக் காட்டுனாங்க. எலும்பு நுனில கறுப்பா ஒரு கோடு. "இந்த இடத்துலதான் எலும்பு வளருது. வயசு பதினாலு, எலும்புக்குப் பத்துதான். அது கெட்டதுன்னு நெனைக்காத, இன்னும் வளர டைம் கீதுன்னு அர்த்தம். வயசுக்கு வர லேட்டாவும், இந்த நோவுல அப்படித்தான். அவசரப்பட்டு ஹார்மோன் குடுத்தா கோடு மூடிக்கும், அப்புறம் ஒசரம் வராது. நேரம் வரும்போது வேணும்னா நானே கொஞ்சமா குடுப்பேன்"னாங்க. வளர்றதுக்குனே ஊசி இல்லையான்னு மலரு கேட்டா. வெளிநாட்டுல செத்தவங்க மூளைலேந்து எடுக்கிறாங்களாம், அது அவங்க புள்ளைங்களுக்கே பத்தல, கிட்னிக்காரங்களுக்குத் தர்றதில்லன்னு சொன்னாங்க.

இதெல்லாம் பக்கத்துல நின்னு என் காதால கேட்டவ நான். அதை மறந்துடாத.

ஒரு வருசத்துல புள்ளை முகத்துல சதை வெச்சுது. ரெண்டு அங்குலத்துக்குக் கிட்ட வளந்தா, கட்டை வெரல் பெடலை ஒரசுச்சு. அன்னிக்கு ஓடியாந்து என் இடுப்பைக் கட்டிக்கினு அழுதா. இன்னும் கொஞ்சம்தான் அத்தே, பாதம் முழுசா பட்டுரும்னா.

அந்த நேரம் பாத்து சொக்கம்மாளோட அண்ணன் சுப்பராயன் பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. அது மலரைவிட ரெண்டு வயசு சின்னது. பந்தியில அண்ணன் பொண்டாட்டி, "உம் பொண்ணு பொம்பளையா, இல்ல அதுவும் இல்லையா?"ன்னு கேட்டுட்டா. நாலு பேரு சிரிச்சாளுங்க. மலரு எலையில வெச்சதைத் தொடாம எழுந்துட்டா. அன்னிக்கு சொக்கம்மா என் வூட்டு வாசல்ல வந்து உக்காந்து, "யக்கா, ஏதாச்சும் பண்ணு. ஒரே ஒரு தபா வந்தா போதும், சடங்கு சுத்தி ஊர் வாயை மூடிடறேன்"னு கெஞ்சுனா.

பொம்பளைங்களுக்கு நாள் தப்பிப் போனா ஒரு ஹார்மோன் மாத்திரை குடுப்பாங்க, எனக்குத் தெரியும். மூணு வாரம் முழுங்கி நிறுத்துனா வந்துரும். ஒரு மாசத்துல இன்னா கெட்டுடப் போவுதுன்னு நெனைச்சேன். மருந்துக்கடைல தெரிஞ்ச ஆளு, கேள்வி கேக்காம குடுத்தான். சத்து மாத்திரைன்னு சொல்லிப் புள்ளைக்குக் குடுத்தா அவ அம்மா.

வந்துது. சுப்பராயன் பொடவை, வளையலு, சீர்தட்டோட வந்தான். அவன் பொண்டாட்டியே ஆரத்தி எடுத்தா. மாலையைப் போட்டுக்கினு உக்காந்திருந்த மலரு மூஞ்சியை நீ பாக்கணும். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாணப் பொண்ணு மூஞ்சிலயும் பாத்ததில்ல.

அதோட நிறுத்தியிருக்கணும். ஆனா அடுத்த மாசம் வரலன்னு புள்ளை பயந்து அழுதா. சொக்கம்மா என்னைப் பாத்தா. நான் மறுபடியும் வாங்கியாந்தேன். அதுக்கடுத்த மாசமும் வாங்குனேன். மார்பு வந்துது, தாவணி போட்டா. டாக்டரம்மாகூட, தானா வந்துதுன்னு நெனைச்சி சந்தோஷப்பட்டாங்க. பிரஷர் மட்டும் ஏன் ஏறுதுன்னு தலையைச் சொறிஞ்சாங்க. ஒன்றரை வருசம் ஓடிப்போச்சு. மொதல்ல கொஞ்சம் வளந்தா, அப்புறம் நின்னுது. பாதி பாதம்தான் பெடல்ல படும்.

மறுபடி எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல வெச்சி ரொம்ப நேரம் பாத்தாங்க. கறுப்புக் கோடு பென்சில் கீறல் மாதிரி ஆயிடுச்சு. "ரெண்டரை வருசத்துல எலும்பு அஞ்சு வயசு ஓடிக்கீது. இன்னா மாத்திரை குடுத்தே?"

சொக்கம்மா முந்தானைலேந்து மாத்திரைப் பட்டையை எடுத்து மேசைல வெச்சா. டாக்டரம்மா அதைப் படிச்சிட்டுக் கண்ணை மூடிக்கினாங்க. இனிமே ஒசரம் வராது, பிரஷர் ஏறுனதுல கிட்னிக்கும் கேடுன்னு சொன்னாங்க. யாரையும் சத்தம் போடல.

மலரு டாக்டரம்மாவையே பாத்துகினு இருந்தா. "அப்போ நான் பெரியவளே ஆவலியா?"ன்னு கேட்டா. அப்புறம் அவ அம்மா பக்கம் திரும்பி, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் ஒசரத்தைத்தானேம்மா கேட்டிருப்பேன்"னா.

நான் கதவோரம் டிரேயை வெச்சிக்கினு நின்னேன். கடைக்குப் போனது நான்னு சொக்கம்மா காட்டிக்குடுக்கல. நானும் வாயைத் தொறக்கல.

ரஹீமுன்னிசா ஆசாரியை வெச்சி பெடல் மேல ஒரு கட்டையை அடிச்சிக் குடுத்துச்சு. அதுல மிதிச்சி மலரு ரெண்டு வருசம் தெச்சா. நேர்த்தின்னா அப்படி ஒரு நேர்த்தி. அப்புறம் வாந்தி, மூச்சு வாங்குறது. மிஷின்ல ரத்தம் சுத்தம் பண்ற வசதியெல்லாம் நம்மள மாதிரி ஆளுக்கு அப்போ ஏது? எழுபத்தேழுல, பத்தொம்போது வயசுல, எங்க வார்டு பக்கத்துக் கட்டடத்துலயே போய்ட்டா. மூலக்கொத்தளத்துல பொதைச்சோம். கோதண்டம் ஒருத்தனே தூக்கிக்கினு நடந்தான், அவ்ளோதான் கனம்.

அந்தக் கட்டையில மிதிச்சி அவ மொத மொதல்ல தெச்ச ஜாக்கெட்டு எனக்குத்தான். அளவெடுக்க தோளு எட்டலன்னு என்னைத் தரையில உக்கார வெச்சா. "ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி எனக்குச் சோறு போட வெச்சவ நீதான் அத்தே, மொத துணி உனக்குத்தான்"னு சொல்லிக்கினே டேப்பைக் கழுத்துல சுத்துனா. மாத்திரை வாங்கியாந்தது நான்தான்னு அப்போ சொல்லியிருக்கலாம். தலையைக் குனிஞ்சிகினு உக்காந்திருந்தேன். அளவு கச்சிதமா இருந்துது.