தேவையில்லாமல் கேட்ட கேள்வி

ஆபீஸில் அவளுக்குச் சுருக்குப் பை என்று பெயர். ஆயிரம் பக்கம் கொடுத்தாலும் ஐந்து பக்கத்தில் முடிந்து கொடுத்துவிடுவாள். வக்கீலுக்குப் படித்தவள்தான், ஆனால் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. கணவர் போன பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ஆபீஸிலும் அவளும் திரையும்தான்.

இந்த முறை, மருத்துவமனைக் கட்டில்களுக்குச் சக்கரம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று விலைக்கு வந்தது. வாங்குகிறவர்களுக்கு வக்கீல் இவளுடைய ஆபீஸ். விற்பவர்கள் எல்லாக் காகிதத்தையும் டேட்டா ரூம் என்னும் பூட்டிய இணையதளத்தில் ஏற்றியிருந்தார்கள். கம்பெனியின் தலையில் என்ன பாரம், என்ன வழக்கு, யாரை நம்பி ஓடுகிறது என்று இவள் பிழிந்தெடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அங்கேயே கேள்வி போடலாம். விற்கும் கம்பெனியின் கணக்காளர் பதில் எழுதுவார். இரு தரப்பும் அதைப் பார்க்கும்.

பணிக்கொடைக்கு ஏன் ஒதுக்கீடு இல்லை என்று கேட்டாள். "முதலாளியிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்" என்று பதில் வந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். வரி மேல்முறையீட்டின் கோப்பு எங்கே? "பாதி அலமாரியில், பாதி என் மண்டையில்." முகம் தெரியாத அந்த மனிதரின் பதிலுக்காகவே காலையில் சீக்கிரம் வரத் தொடங்கினாள். பாவம், அவளுக்கு அவ்வளவு வறட்சி.

கேள்விகள் தீர்ந்துபோயின. மனசு கேட்காமல் ஒன்றைப் போட்டாள்: "எல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரிகிறது, விற்ற பிறகு யாரிடம் கேட்பது?"

"தெரியாது. கம்பெனி கைமாறியதும் மகள் வீட்டுக்குப் போகிறேன். பேத்தியை இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை."

ஆபீஸின் சீனியர் வக்கீல் அதைப் பார்த்துவிட்டார்.

"வரி கேஸ், சப்ளையர்களோட வாய்ப்பேச்சு ஏற்பாடு, எல்லாம் இவர்கிட்டதானே இருக்கு? ரிப்போர்ட்ல ஏன் காணோம்?"

"சொந்த விஷயமா எழுதியிருக்கார், சார்."

"நீங்க கேட்டீங்க, அவர் சொன்னார். இனிமே நமக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியுமாம்மா?"

சீனியர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது. யாரை நம்பி ஓடுகிறது என்ற தலைப்பின் கீழ், பெரிய வாடிக்கையாளருக்கு அடுத்ததாகக் கணக்காளரையும் சேர்த்தாள். கம்பெனியை வாங்குகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, அவர் இரண்டு வருடம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவோம் என்றார்கள். அவர் மறுத்தால் விற்பனையே நின்றுவிடும். முதலாளி கெஞ்சினார். கணக்காளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கடைசி நாள் காலையில் டேட்டா ரூமின் கேள்விப் பக்கத்தைத் திறந்தாள். அவளுடைய கேள்விக்குக் கீழே இன்னொரு வரி சேர்ந்திருந்தது.

"இனி என்னிடமே கேட்கலாம், மேடம். நான் எங்கேயும் போகவில்லை."

மன்னிப்புக் கேட்க நாலு வார்த்தை தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். அனுப்பப் போகும்போது திரை மாறியது. விற்பனை முடிந்துவிட்டதாம், டேட்டா ரூமை மூடிவிட்டார்கள். அவருடைய பெயரைக்கூட அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.